ஒற்றைக் காலுக்கு முந்தைய படிகள்

"அம்மாவுக்கு 72 வயது. சமநிலைப் பயிற்சியில் ஒற்றைக் காலில் மூன்று விநாடிகூட நிற்க முடியவில்லை. விட்டுவிடலாமா?"

விட வேண்டாம், பயிற்சியில் இரண்டு படி எளிதான நிலைக்கு இறங்குங்கள். சமையல் மேடையைப் பிடித்து நிற்கட்டும் (பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும்). முதலில் ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் பெருவிரலுக்குப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கட்டும். இப்படிப் பத்து விநாடி அசையாமல் நின்றால், அடுத்து ஒரே கோட்டில், குதிகாலுக்குப் பின்னால் மற்றதன் விரல் நுனி. அதிலும் பத்து விநாடி வந்தபின்தான் ஒற்றைக் கால். ஒவ்வொரு படியிலும் முதலில் இரு கை, பிறகு ஒரு கை, பிறகு விரல்நுனி மட்டும்.

காலைத் தூக்கும்போது பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். தூக்கிய கால் பக்கம் இடுப்பு தொங்கினால், ஊன்றிய காலின் இடுப்புப் பக்கத் தசை பலவீனம். மேடையைப் பிடித்தபடி காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவதைப் பத்து முறை சேருங்கள். தூக்கிய காலை மற்ற காலில் முட்டுக் கொடுத்து நிற்பது கள்ளாட்டம்.

ஒவ்வோர் அடியிலும் குதிகாலை மற்ற பாதத்தின் விரல் நுனிக்கு முன்னால் வைத்து ஒரே கோட்டில் நடக்கும் குதிகால்-விரல் நடையில் பலரும் பாதத்தையே பார்ப்பார்கள். குனிந்தால் உடல் முன்னே சாயும். எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து நின்றதும் தலை சுற்றினால் பயிற்சியை நிறுத்தி, டாக்டரிடம் கேளுங்கள்; ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டால் அதைப் பற்றியும் கேளுங்கள்.