கடைசி வரியில் பொய் சொல்லாதீர்கள்

மனம் ஆறவில்லை, எழுதியே தீர வேண்டும். பணம் கட்டினால்தான் அடுத்த அத்தியாயம் திறக்கும் என்கிற வகையில் செல்போனில் ஒரு தொடர்கதை படித்துவருகிறேன். போன அத்தியாயம் இப்படி முடிந்தது: "உறையைப் பிரித்த கௌரியின் விரல்கள் நடுங்கின. உள்ளே இருந்தது இறந்துபோன அண்ணன் எழுதிய கடிதம்!" தொடரும். அண்ணன் உயிரோடு இருக்கிறானா, அப்படியானால் அன்று எரித்தது யாரை என்று வாரம் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். பணம் கட்டித் திறந்தால், எழுதியவன் அண்ணனின் மகனாம்! அப்பாவின் கையெழுத்து அச்சு அசலாக மகனுக்கும் வந்திருக்கிறதாம். நான்கே வரி. கௌரி பெருமூச்சு விட்டுவிட்டுக் காபி போடப் போய்விட்டாள்.

இது பித்தலாட்டம் இல்லாமல் வேறென்ன? "அண்ணன் எழுதியதுதான் என்று கௌரி நினைத்தாள்" என்று எழுதியிருந்தால் அது கௌரியின் தவறு. நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்த வரியைச் சொன்னது கௌரி அல்ல, கதை சொல்பவர். பாத்திரம் ஏமாறலாம், பொய்கூடச் சொல்லலாம். கதை சொல்பவரே நடக்காததை நடந்ததாகச் சொல்லிவிட்டால், அதன்பின் அவர் எழுதும் எந்த வரியை நம்பிப் படிப்பது?

இந்த வித்தை புதிதும் அல்ல. 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளில் வாரம் ஒரு பகுதியாகத் தொடர்படங்கள் ஓடின. ஒரு வாரம் நாயகனோடு சேர்ந்து கார் மலையுச்சியிலிருந்து உருண்டு விழும். மறுவாரம் அதே காட்சியை மறுபடி காட்டுவார்கள். இப்போது மட்டும் கார் விழுவதற்கு முன்பே நாயகன் வெளியே குதித்திருப்பான். குதித்த காட்சி போன வாரம் படத்திலேயே இல்லை. காசு கொடுத்துக் காத்திருந்தவனுக்கு அதுதான் மரியாதை.

நேர்மையாகச் செய்ய முடியாதா என்ன? தாமஸ் ஹார்டி 1872-73இல் மாத இதழில் தொடராக எழுதிய 'எ பேர் ஆஃப் புளூ ஐஸ்' நாவலை எடுத்துப் பாருங்கள். கடலோரச் செங்குத்துப் பாறையில் நைட் என்பவன் சறுக்கித் தொங்குகிறான். மேலே எல்ஃப்ரைட் என்ற பெண் மட்டும். ஊருக்கு ஓடிப்போய் உதவி கூட்டிவர முக்கால் மணி நேரம் ஆகும். தன் கை பத்து நிமிடம்கூடத் தாங்காது என்கிறான் அவன். பக்கத்தில் ஆள் இல்லை, ஒரு கம்புகூட இல்லை. அவளும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது.

அடுத்த அத்தியாயத்தில் எந்த வழிப்போக்கனும் கயிற்றோடு வந்து குதிக்கவில்லை. ஊருக்குப் போய்வர ஆகும் முக்கால் மணி நேரமும் திடீரென்று குறைந்துவிடவில்லை. மழை கொட்டுகிறது, அவன் தொங்கிக்கொண்டே இருக்கிறான். எல்ஃப்ரைட் தன் உள்ளாடைகளைக் கழற்றி, கிழித்து, முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி அவனை மீட்கிறாள். விடை முதலிலிருந்தே அவள் உடம்பில்தான் இருந்திருக்கிறது, நமக்குத்தான் தோன்றவில்லை. அவன் மேலே வந்த பிறகும் பழைய நிலைமை திரும்பவில்லை. வேறொருவனுக்கு வாக்குக் கொடுத்தவள் அவள். அவன் வரும் கப்பலைப் பார்க்கத்தான் அந்தப் பாறைக்கே வந்தாள். இப்போது நைட்டின் அணைப்பில் நிற்கிறாள். இப்படி ஒரு விடை கிடைத்தால் நான் ஏன் கொதிக்கப் போகிறேன்?

கௌரியின் கடிதத்தையும் இப்படி எழுதியிருக்கலாமே! அண்ணனே எழுதியதாக இருக்கட்டும், சாவதற்கு ஒரு மாதம் முன்பு. இரண்டாம் அத்தியாயத்தில் தெருமுனைக் கடைக்காரரிடம் அவன் ஓர் உறையைக் கொடுப்பதைப் போகிற போக்கில் காட்டியிருந்தால் போதும். கடைசி வரியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம், அது உண்மையாகவே நிற்கும். கூடவே, இத்தனை நாள் அந்த மனிதர் ஏன் கடிதத்தை வைத்திருந்தார், இன்று ஏன் அனுப்பினார் என்ற அடுத்த கேள்வியும் தானாக வந்துவிடும்.

வாராவாரம் எழுதும் நெருக்கடி, விடையைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டோம் என்பார்கள். வியாதியே அதுதான். விடை கையில் இல்லையென்றால் அந்த வரியை எழுதாதீர்கள். கௌரி உறையைப் பிரிக்காமலே கணவன் கண்ணில் படாதபடி அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள் என்று முடியுங்கள். அதற்கும் நான் அடுத்த வாரம் வருவேன், பணமும் கட்டுவேன்.