"எனக்கு 235 மார்க்தானா தம்பி?"

கோவைப் பக்கம் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மனிதவளத் துறையில் இருந்தபோது நடந்தது. ஜெராக்ஸ் மெஷினில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு சம்பள ஸ்லிப்பிலிருந்து ஆரம்பித்தது.

ஸ்டோர்ஸில் 14 வருடமாக இருக்கும் அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். பர்ச்சேஸில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பையனுடைய ஸ்லிப். அவனுக்கு 29,000. அண்ணனுக்கு 27,400. நேராக என் மேஜைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஏனுங்க தம்பி, நான் அவனைவிட என்ன குறைஞ்சு போயிட்டேன்?" என்று மட்டும் கேட்டார்.

எங்களிடம் கிரேடு முறை இருந்தது. கன்சல்டன்ட் வைத்து, கமிட்டி போட்டு, ஆறு மாதம் உட்கார்ந்து செய்தது. ஒவ்வொரு கிரேடுக்கும் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று சம்பள வரம்பும் உண்டு. எல்லாம் என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. ஆட்களுக்குச் சொன்னது என்னவென்றால், கேன்டீனில் ஒரு நாள் ஸ்கிரீன் கட்டி நாற்பது ஸ்லைடு காட்டியதுதான். முடிந்ததும் வந்த ஒரே கேள்வி, "ஸார், எனக்கு எவ்வளவு ஏறும்?"

அரசு வேலையில் இருப்பவர்கள் வீட்டில் இந்தக் குழப்பம் குறைவு. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரே அட்டவணை. லெவல் 1 ஆரம்பம் 18,000; ஒவ்வொரு வருடமும் ஒரு கட்டம் கீழே இறங்கினால் அடுத்த சம்பளம். மாநில அரசிலும் அதே மாதிரி. யார் வேண்டுமானாலும் தன் கட்டத்தில் விரல் வைத்துக் காட்டலாம். ஆனால் அந்த அட்டவணை நீ எங்கே நிற்கிறாய் என்று சொல்லும், ஏன் அங்கே நிற்கிறாய் என்று சொல்லாது. தனியார் கம்பெனியில் பெரும்பாலும் இந்த இரண்டும் கிடையாது. கேட்டால் சூப்பர்வைசர் "மேலிடத்து முடிவுப்பா" என்பார். அந்த ஒரு வார்த்தை போதும், ஆறு மாத வேலையும் வீண்.

சரி, அண்ணனுக்கு வருவோம். ஃபைலை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். எங்கள் முறை இதுதான். ஒவ்வொரு வேலையையும் ஐந்து விஷயத்தில் பார்த்துப் புள்ளி போடுவோம்: தேவைப்படும் அறிவும் அனுபவமும், சொந்தமாக எடுக்க வேண்டிய முடிவுகள், தப்பு நடந்தால் வரும் நஷ்டம், வெளி ஆட்களோடு பழக வேண்டிய அளவு, அப்புறம் உடலுழைப்பும் பணிச்சூழலும். மொத்தம் 600. ஸ்டோர்ஸ் உதவியாளர் வேலைக்கு 235 வந்திருந்தது, பர்ச்சேஸ் உதவியாளர் வேலைக்கு 295. எங்கள் கணக்கில் 200 முதல் 260 வரை கிரேடு 3. அதற்கு மேல் 330 வரை கிரேடு 4.

அவர் 235-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு 235 மார்க்தானா தம்பி?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் நாற்காலிக்குப் போட்ட புள்ளியை அவர் தனக்குப் போட்ட மார்க்காகப் படிக்கிறார். 14 வருட உழைப்புக்கு 600-க்கு 235. யாருக்குத்தான் வலிக்காது? நாற்பது ஸ்லைடிலும் நான் இதைச் சொல்லவே இல்லை. அதனால் முதலில் அதைத்தான் பேசினேன். "அண்ணா, இது உங்களுக்குப் போட்டதில்லை. நாளைக்கு நீங்க ரிட்டயர் ஆகி வேற ஒருத்தர் வந்து உட்கார்ந்தாலும் இதே 235-தான். நீங்க எப்படி வேலை செய்றீங்கங்கிறது கிரேடுக்குள்ள வராது, அந்த கிரேடுல எந்த இடத்துல நிக்கிறீங்கங்கிறதுலதான் வரும்."

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு கோடு போட்டேன். கிரேடு 3-க்கு 20,000 முதல் 30,000 வரை, நடு 25,000. கிரேடு 4-க்கு 24,000 முதல் 36,000 வரை, நடு 30,000. அந்த வேலையை முழுசாகத் தெரிந்து செய்கிறவருக்கு வெளியில் கொடுக்கும் சம்பளத்தை வைத்துத்தான் நடுவைக் குறிப்போம். வேலை பழகுகிறவர் நடுவுக்குக் கீழே இருப்பார், நல்ல அனுபவசாலி மேலே இருப்பார். அண்ணன் தன் கோட்டில் நடுவைத் தாண்டி 2,400 மேலே இருந்தார். பையன் எங்கே என்று நான் சொல்லவில்லை; அடுத்தவர் சம்பளத்தை நான் பேசக்கூடாது. ஆனால் 29,000 அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவரே பேனாவை வாங்கி இரண்டாவது கோட்டில் ஒரு புள்ளி வைத்தார், நடுவுக்கு ஆயிரம் கீழே. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப அவன் அவன் வேலைக்குச் சின்னவன், நான் என் வேலைக்குப் பெரியவன். கோடுதான் வேற" என்றார். கன்சல்டன்ட்டுக்கே இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை.

இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதை, அதாவது 24,000-லிருந்து 30,000 வரை இரண்டுக்கும் பொதுவாக இருப்பதை, நிறையப் பேர் முறையின் ஓட்டை என்று நினைக்கிறார்கள். வேண்டுமென்றே அப்படி வைப்பதுதான். அந்த இடம் இல்லாவிட்டால், கீழ் கிரேடில் எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும் மேல் கிரேடில் நேற்று சேர்ந்தவரைவிட எப்போதும் குறைவாகத்தான் வாங்குவார். ஆனால் இதைப் படம் போட்டுக் காட்டினால்தான் புரியும். வாயால் சொன்னால் சமாளிப்பதாகத்தான் தெரியும்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "கோடு சரிங்க. 235 எப்படி வந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றார். ஜாப் டிஸ்கிரிப்ஷனை வாசித்தேன். பொருள் வாங்கி வைப்பது, எண்ணுவது, இஷ்யூ செய்வது, ஒவ்வொரு பொருளின் வரவு, செலவு, இருப்பைக் குறிக்கும் பின் கார்டு எழுதுவது. எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதியது. பின் கார்டு போய், எல்லாம் ஈஆர்பி சாஃப்ட்வேரில் என்றாகியே நாலு வருடம் ஆகியிருந்தது. அவர் சிரித்துவிட்டார். சொல்ல ஆரம்பித்தார், நான் எழுத ஆரம்பித்தேன்.

நாங்கள் உருக்கி வார்த்த காஸ்டிங் எல்லாம் மெஷினிங்குக்கு வெளியே ஜாப் ஒர்க் போகும். டெலிவரி சலான் போட்டு அனுப்புவது அவர். ஜிஎஸ்டி சட்டப்படி அப்படிப் போன பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு வைத்து வரியும் வட்டியும் கட்ட வேண்டிவரும். எந்தச் சலான் எங்கே நிற்கிறது, யாருக்குப் போன் போட்டுச் சரக்கை வரவழைக்க வேண்டும் என்று பார்ப்பதும் அவர்தான். ரிஜெக்ஷன் வந்தால் சப்ளையரிடம் முதலில் பேசுவதும் அவர். இது எதுவுமே காகிதத்தில் இல்லை. ஒவ்வொரு பொறுப்பும் யாரோ லீவில் போனபோது இவர் கைக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் கமிட்டியில் திரும்பப் போட்டோம். இங்கே ஒரு எச்சரிக்கை: மேனேஜர் தனக்குப் பிடித்த ஆளைத் தூக்கிவிட ஜாப் டிஸ்கிரிப்ஷனில் பெரிய பெரிய வார்த்தைகளாக எழுதிக் கொடுப்பது எல்லா இடத்திலும் நடக்கும். 'ஒருங்கிணைக்கிறார்', 'மேற்பார்வையிடுகிறார்' என்று வரும். அதனால் எழுத்தை நம்பாமல் சலான், மெயில், கையெழுத்து எல்லாம் எடுத்துப் பார்த்தோம். உண்மையாகவே அந்த நாற்காலியின் வேலைதானா, அண்ணன் ஆர்வத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டதா என்பதுதான் கேள்வி. அவர் போனால் அடுத்தவர் இதைச் செய்தே ஆக வேண்டுமா? ஆமாம் என்றால்தான் புள்ளி. அறிவில் 10, முடிவெடுப்பதில் 15, நஷ்டத்தில் 15, வெளித் தொடர்பில் 10 ஏறியது. உடலுழைப்பு அப்படியே. மொத்தம் 285. கிரேடு 4.

புதுக் கோட்டில் அவருடைய 27,400 நடுவுக்குக் கீழே போய்விட்டது. 2,000 ஏற்றினோம், பாதி அந்த மாதமே, மீதி ஏப்ரலில். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "விளக்கம் சொல்லப் போய்ச் செலவை இழுத்துட்டு வந்துட்டியே" என்றார். என் கருத்து நேர் எதிர். விளக்கிச் சொல்லும்போது சிக்காத தப்பு வேறு எப்போது சிக்கும்? வேறுபாடு ஏன் என்று ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால், பல சமயம் காரணம் நமக்குப் பேசத் தெரியாதது இல்லை, காரணமே இல்லாததுதான். விளக்கம் என்பது ஆளைச் சமாதானப்படுத்தி அனுப்புகிற வேலை என்று நினைத்து உட்கார்ந்தால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதற்குப் பிறகு ஸ்லைடை விட்டுவிட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தாள். அவர் வேலையின் புள்ளிகள், ஐந்தும் தனித்தனியாக. அவர் கிரேடின் கோடு, அதில் அவர் நிற்கும் இடம். அடுத்த கிரேடின் கோடு, அங்கே போக வேலையில் எது மாற வேண்டும். ஜாப் டிஸ்கிரிப்ஷன் பின்பக்கம். கொடுப்பது சூப்பர்வைசர். கொடுப்பதற்கு முன்னால் அவர் என்னிடம் வந்து, நான்தான் அந்த ஆள் என்று வைத்துக்கொண்டு, விளக்கிக் காட்ட வேண்டும். பாதிப் பேர் முதல் தடவை 'மேலிடத்து முடிவு' என்றுதான் முடித்தார்கள். திருப்பி அனுப்பினேன்.

எல்லாம் நல்லபடியாகப் போனது என்று சொல்ல மாட்டேன். கோட்டின் உச்சிக்கு வந்துவிட்டவர்களிடம் பேசுவது இன்றைக்கும் கஷ்டம். எங்கள் டிரைவர் ஒருவர் கிரேடின் கடைசி ரூபாயில் நின்றார். வேலை அதே வேலை, இன்க்ரிமென்ட் இனி அந்தக் கோடு நகர்ந்தால்தான். முன்பெல்லாம் இப்படிப்பட்டவருக்கு 'சீனியர்' என்று பெயரில் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். ஒரு வருடம் தாங்கும். அப்புறம் மூன்று பேர் 'சீனியர்' கேட்டு வருவார்கள். நாங்கள் உள்ளதைச் சொல்லி, வருடக் கடைசியில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்தோம், சம்பளத்தில் சேர்க்காமல். அவர் சந்தோஷப்படவில்லை. ஆனால் எதனால் நின்றது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றுக்கு என்னிடம் பதிலே இல்லாமல் போனது. தாள் போன இரண்டாவது வாரம் ஃபவுண்டரியிலிருந்து ஒருவர் வந்தார். உருக்கும் இடத்தில் நிற்கிறவர். அண்ணன் மாதிரி தன் மொத்தப் புள்ளியைக் கேட்கவில்லை. ஐந்தாவது வரியில் விரல் வைத்து, "இந்தச் சூட்டுக்கும் தூசிக்கும் மொத்தமே 50-தானுங்களா? படிப்புக்கு மட்டும் 200 வெச்சிருக்கீங்க. இதை யாரு முடிவு பண்ணுனது?" என்று கேட்டார். கமிட்டியில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரும் ஏசி அறைக்காரர்கள்.

அடுத்த முறை கமிட்டி உட்கார்ந்தபோது அவருக்கும் ஒரு நாற்காலி போட்டோம். பேக்கிங்கிலிருந்து ஓர் அக்காவும் வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, மூட்டை தூக்கினால் உடலுழைப்பில் புள்ளி உண்டு, எட்டு மணி நேரம் கண்ணை எடுக்காமல் ஓ-ரிங்கில் வெடிப்புத் தேடினால் அது எந்த வரியில் வரும் என்று.

அந்தக் கூட்டம் மட்டும் மூன்று நாள் நடந்தது.