சாம்பாரில் பருப்பைக் காணோம், டம்ளரில் தயிரைக் காணோம்

மெஸ் கமிட்டி அண்ணன்களுக்கும் வார்டன் சாருக்கும்,

போன மாதக் கூட்டத்தில் நான் எழுந்து "சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பருப்பும் தயிரும் பத்தவில்லை" என்று சொன்னபோது, "சாம்பார் அன்லிமிடெட்தானே தம்பி, இன்னும் ரெண்டு கரண்டி வாங்கிக்கோ" என்று ஒரே வரியில் என்னை உட்கார வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு என் கையில் கணக்கு இல்லை. இப்போது இருக்கிறது. ஸ்டோர் பதிவேட்டை இரண்டு வாரம் பார்த்து எழுதியிருக்கிறேன், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நம் மெஸ்ஸில் 240 பேர், அதில் 90 பேர் சைவம். மதியச் சாம்பாருக்கு ஸ்டோரிலிருந்து எடுக்கும் துவரம்பருப்பு 4.8 கிலோ. அதாவது ஆளுக்கு 20 கிராம். துவரம்பருப்பில் நூற்றுக்குச் சுமார் 22 பங்குதான் புரதம், ஆக மதியம் முழுக்கப் பருப்பிலிருந்து எனக்கு வருவது 4.4 கிராம். அந்தப் பருப்பை ஆளுக்கு 300 மில்லி வருகிற மாதிரி நீட்டுகிறார்கள். 150 மில்லி கரண்டி ஒன்றில் 2.2 கிராம் புரதம். நீங்கள் சொன்ன "இன்னும் ரெண்டு கரண்டி" 4.4 கிராம் தரும், அதற்கு நான் இன்னும் 300 மில்லி புளித்தண்ணீரைக் குடிக்க வேண்டும். இதையா தீர்வு என்று சொன்னீர்கள்?

அதுவும் 12.30 மணிக்கு வருகிறவனுக்குத்தான் இந்தக் கணக்கு. லேப் முடிந்து 1.30க்கு வருகிற எங்களுக்கு அண்டாவில் இருப்பதே வேறு. சந்தேகம் இருந்தால் நான் செய்த மாதிரி செய்து பாருங்கள்: 12.30க்கு ஒரு கண்ணாடி டம்ளர் சாம்பார், 1.30க்கு இன்னொன்று, இரண்டையும் இருபது நிமிடம் அசைக்காமல் வையுங்கள். முதல் டம்ளரில் பருப்பு இரண்டு விரல் உயரம் படிந்தது. இரண்டாவதில் அரை விரல் கூட இல்லை, மேலே தெளிந்த தண்ணீரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு. சாம்பார் குறையும்போது வெந்நீரை ஊற்றி விளாவுகிறார்கள், அவ்வளவுதான் விஷயம். சமையல் அண்ணனைக் குறை சொல்லவில்லை. 4.8 கிலோவைக் கொடுத்து 240 பேருக்குக் கடைசி வரை வர வேண்டும் என்றால் அவர் வேறு என்ன செய்வார்?

அடுத்து தயிர். பலகையில் தினமும் "தயிர்" என்று எழுதியிருக்கிறது. வருவது மோர். 12 லிட்டர் பாலை உறை ஊற்றி, மூன்று மடங்கு தண்ணீர் சேர்த்து, ஆளுக்கு ஒரு 200 மில்லி டம்ளர். அந்த டம்ளருக்குள் உண்மையில் இருக்கும் தயிர் 50 மில்லி, புரதம் ஒன்றரை கிராம். வெயிலுக்கு மோர் நல்லதுதான், எனக்கும் பிடிக்கும், ஆனால் அதைத் தயிர் என்று எழுதாதீர்கள்.

சரி, ஒரு முழு நாளைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் நாலு இட்லி, சாம்பாரோடு சேர்த்து கிட்டத்தட்ட 11 கிராம். மதியம் சோறு 11, சாம்பார் 4.4, மோர் 1.5. இரவு மூன்று சப்பாத்தி 11. பொரியல், குருமா எல்லாம் சேர்த்து 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 42. என் எடை 60 கிலோ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் சொல்வது, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், அதாவது எனக்கு 50 கிராம். தினமும் 8 கிராம் குறைகிறது.

8 கிராம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 42ல் பெரும்பகுதி எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள், அரிசியும் கோதுமையும். தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, அதை ஈடுகட்டுவது பருப்பும் பாலும்தான். சோற்றோடு பருப்பும் தயிரும் சேர்த்துச் சாப்பிடுவதில் உள்ள பயனே அதுதான். சோற்றை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்றால் அந்த இடம் நிரம்பாது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்குப் பருப்பு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்று இருக்கிறது. இட்லி உளுந்தையும் சேர்த்தால் கூட நமக்கு வருவது 46 கிராம் பருப்பு. காலை டீயில் ஊற்றும் பாலையும் சேர்த்தால் கூட 100 மில்லி பால்.

இப்போது பணம். இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. நம்முடையது டிவைடிங் மெஸ், எல்லோருக்கும் ஒரே பில். வாரத்தில் இரண்டு நாள் சிக்கன், ஆளுக்கு 150 கிராம் கறி, நம் ஸ்டோர் பில்லின்படி 33 ரூபாய். மூன்று நாள் முட்டை, ஒன்று 6 ரூபாய். ஆக அசைவம் சாப்பிடுகிறவருக்கு வாரம் 84 ரூபாய். எங்களுக்குச் சிக்கன் அன்று 8 ரூபாய்க்குக் காலிஃபிளவர் பொரித்தது, முட்டை அன்று 4 ரூபாய் வாழைப்பழம், வாரம் 28. மீதி 56 ரூபாய் எங்கே? நண்பர்கள் சிக்கன் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை, ஒரு துண்டு கூடக் குறைக்க வேண்டாம். ஆனால் ஒரே தொகையைக் கட்டிவிட்டு, புரதம் இருக்க வேண்டிய இடத்தில் வாழைப்பழத்தை வைத்தால் நாங்கள் எப்படிப் பேசாமல் இருப்பது?

நான் கேட்பது இரண்டுதான். இரவில் சைவக்காரர்களுக்கு ஆளுக்கு 25 கிராம் பருப்பில் கெட்டியாக ஒரு கரண்டி கூட்டு. மதியம் மோருக்குப் பதில் 150 மில்லி தயிர். இரண்டும் சேர்ந்து எட்டரை கிராம் புரதம் கூடும், குறைகிற 8 அடைபடும். பருப்பு 90 பேருக்கு 2.25 கிலோ, கிலோ 140 என்றால் 315 ரூபாய். கூடுதல் பால் 9 லிட்டர், லிட்டர் 50 என்றால் 450. ஒரு நாளைக்கு 765, தலைக்கு எட்டரை ரூபாய், வாரத்துக்கு 59 ரூபாய் 50 காசு. எங்கள் பங்கில் செலவாகாத 56ஐக் கழித்தால் வாரம் மூன்றரை ரூபாய். அதை எங்கள் 90 பேரின் பில்லிலேயே ஏற்றுங்கள், நான் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

தயிரைப் பெரிய பாத்திரத்தில் உறை ஊற்றாதீர்கள், அங்கேதான் தண்ணீர் சேரும். முந்தின நாள் இரவே 150 மில்லி கிண்ணங்களில் ஊற்றி வைத்தால் அதில் யாராலும் தண்ணீர் கலக்க முடியாது. கூட்டைப் பொது வரிசையில் வைத்தால் எட்டு மணிக்கே காலியாகிவிடும், அதனால் சைவ டோக்கனுக்கு மட்டும் கொடுங்கள். 90 கிண்ணம் கழுவுவது கூடுதல் வேலை என்று தெரியும். அவரவர் கிண்ணத்தை நாங்களே கழுவி அடுக்கிவிடுகிறோம், அதற்கு ஆள் முறை போட்டு வைத்திருக்கிறோம்.

வரும் கூட்டத்துக்கு ஸ்டோர் பதிவேட்டையும் தராசையும் கொண்டு வாருங்கள். என் கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் எல்லோர் முன்னாலும் திருத்திக்கொள்கிறேன். தப்பு இல்லையென்றால், மறுநாள் இரவிலிருந்து அந்தக் கரண்டி கூட்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
90 பேரில் ஒருவன்