துண்டு போட்ட மேசைகள்

பஸ் நிலையத்துக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைத் தஞ்சாவூரில் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் துண்டு போட்டவர் ஏறாமலே போய்விட்டால், பஸ் கிளம்பியதும் நின்றுகொண்டிருப்பவர் அதை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். யாரும் அதைத் தவறு என்று சொல்வதில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்த நியாயம்கூட இல்லாமல் போய்விட்டதே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் தஞ்சாவூர் கிளையில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. 64 பேருக்கு 40 மேசைகள். யாருக்கும் சொந்த மேசை கிடையாது, செயலியில் முன்பதிவு செய்துகொண்டு வர வேண்டும். ஹாட் டெஸ்க் என்கிறார்கள். இந்த ஏற்பாட்டை நான் எதிர்க்கவில்லை. பாதி நாள் காலியாகக் கிடக்கும் மேசைக்கு வாடகை கட்டுவது வீண்தான். விதிகளை எழுதிய விதத்தில்தான் எனக்குச் சண்டை.

ஜனவரி கடைசி, ஒரு செவ்வாய்க்கிழமை. மன்னார்குடியிலிருந்து வரும் சக ஊழியர் ஒருவர் ஒரு வாரம் முன்பே மேசையைப் பதிவு செய்திருந்தார். வடுவூர் வழியாக வரும் பஸ். சம்பா அறுவடை நேரம், சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. பஸ் ஊர்ந்து வந்தது. அவர் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி 9.50. 9.30க்குள் வருகையைப் பதியாததால் செயலி அவர் மேசையை விடுவித்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது. அன்று முழுவதும் அவர் உணவு அறையில், யாரோ சிந்திய மோருக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்து வேலை செய்தார். வாடிக்கையாளர் அழைப்பு வந்தபோது பாத்திரச் சத்தம் கேட்காமலிருக்க மாடிப்படிக்குப் போய் நின்று பேசினார்.

அதே நேரத்தில் உள்ளே ஒன்பது மேசைகளில் ஆளில்லை. செயலியைக் கேட்டால் 40 மேசையிலும் ஆள் இருக்கிறது என்றது. சந்தேகம் வந்து, நுழைவு அட்டைப் பட்டியலை எடுத்து ஒப்பிட்டேன். உள்ளே வந்தவர்கள் 36 பேர். அதில் ஐந்து பேர் மேசை கிடைக்காமல் உணவு அறையில் இருந்தார்கள். ஆக, 31 மேசைதான் பயன்பாட்டில் இருந்தது. மற்ற ஒன்பது பேரும் வீட்டிலிருந்தபடியே வருகையைப் பதிந்திருந்தார்கள். மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். அந்தக் குறி என்றைக்கும் மாறாதது. ஒருமுறை கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் எங்கிருந்தும் ஸ்கேன் செய்யலாம். விடுவிக்கும் விதி படமெடுத்தவர்களை விட்டுவிட்டு, நேர்மையாகப் புறப்பட்டு வழியில் தாமதமானவரைப் பிடித்திருக்கிறது.

படமெடுத்தவர்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபமில்லை. இடம் போய்விடும் என்ற பயம் வந்தால் யாரும் துண்டு போடுவார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

64 பேர், தலைக்கு மூன்று நாள் என்றால் வாரத்துக்கு 192 வருகை. 40 மேசை, ஐந்து நாள் என்றால் 200 இடம். தலைமையகத்தில் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் "போதுமே" என்றார்கள். சராசரிக்குப் போதும்தான். ஆனால் எல்லாக் குழுக்களும் கூட்டங்களைச் செவ்வாய், புதன், வியாழனில் வைத்திருக்கின்றன. அந்த மூன்று நாளும் ஐம்பது பேர் வர நினைப்பார்கள். திங்களும் வெள்ளியும் இருபத்தொன்று. நடுவாரத்தில் தினமும் பத்துப் பேருக்கு இடமில்லை, வாரத்தின் இரு முனையிலும் பத்தொன்பது மேசை தூங்குகிறது. இதை எந்தச் செயலியும் தீர்க்காது. கூட்ட நாளை மாற்றினால்தான் தீரும்.

பாதிப் பேருக்குத் திங்களும் புதனும், மீதிப் பேருக்குச் செவ்வாயும் வியாழனும் என்று குழுவாரியாகப் பிரித்தால் அந்த நான்கு நாளும் 32 பேர் உறுதி. நாளுக்கு எட்டு மேசை மிச்சம், வெள்ளிக்கிழமை நாற்பதும் காலி. மொத்தம் 72 இடம். மூன்றாவது நாளை அவரவர் விருப்பப்படி எடுக்க வேண்டிய 64 பேருக்கு அது தாராளம். பற்றாக்குறை போனால் துண்டு போடும் அவசியமும் போகும்.

முன்பதிவிலும் இரண்டு மாற்றம் வேண்டும். வருகையைக் கதவில் தட்டும் நுழைவு அட்டையோடு இணைக்க வேண்டும், மேசை ஸ்டிக்கரை நம்பக் கூடாது. வந்துகொண்டிருப்பவர் பஸ்ஸிலிருந்தே ஒரு பொத்தானை அழுத்தினால் 10.30 வரை மேசை காத்திருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி சாலையில் குடியிருப்பவருக்கும் பாபநாசத்திலிருந்து வருபவருக்கும் ஒரே 9.30 என்று வைப்பது சமத்துவம் ஆகாது.

அடுத்தது சுத்தம். இது முழுக்க முழுக்க மேசையில் விட்டுப்போகும் பொருட்களோடு பின்னிக்கிடக்கிறது. எங்கள் மேசைகள் அழுக்காக இருக்கின்றன என்று புகார் வந்ததும் துப்புரவுப் பணியாளர்களைத்தான் முதலில் கேட்டார்கள். நான் ஒரு மாலை அவர்களுடனே நடந்து பார்த்தேன். ஓர் அக்கா சன்னலோர மேசை ஒன்றை அப்படியே தாண்டிப் போனார். "பொருள் இருக்கும் மேசையைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சார். ஏதாவது காணாமல் போனால் எங்களைத்தானே கேட்பார்கள்" என்றார். நாற்காலியில் ஒரு ஜெர்கின், மேசையில் காய்ந்த காபிக் கோப்பை, ஒரு முருகன் படம், இரண்டு வாடிக்கையாளர் கோப்புகள். நான்கு நாளாக அந்த மேசையில் துணி படவில்லை. தகவல் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 27001 மேசையில் ஆவணம் விட்டுப்போகக் கூடாது என்பதையும் ஒரு கட்டுப்பாடாக வைத்திருக்கிறது. சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு மேசையில் கோப்புகளை விட்டால் எப்படி?

துடைக்கும் முறையும் தவறு. திரவத்தை விசைப்பலகைமேல் நேராகப் பீய்ச்சி உடனே துடைத்துவிடுகிறார்கள். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். முதலில் அழுக்கு போக வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி. அது புட்டியில் எழுதியிருக்கும் நேரம்வரை ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். மானிட்டர் திரையின் பூச்சு ஆல்கஹாலில் கெட்டுப்போகும் என்பதால் அதற்கு லேசாக நீர் தொட்ட மென்துணி போதும். நாற்காலியின் கைப்பிடியையும் உயரம் மாற்றும் நெம்புகோலையும் எல்லோரும் தொடுகிறார்கள், அவற்றை யாரும் துடைப்பதில்லை. இதெல்லாம் அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தால் தீரும் விஷயம், அந்த அக்காக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த ஜெர்கின்காரரைக் கேட்டேன். திருவாரூரிலிருந்து வருகிறார். "எங்கே வைக்கச் சொல்கிறீர்கள், சார்?" என்றார். அவருக்கு லாக்கர் இல்லை. மேசை நாற்பது என்பதால் லாக்கரும் நாற்பது வாங்கியிருக்கிறார்கள்! மேசையைத்தான் பகிர்ந்துகொள்ள முடியும். ஹெட்செட்டையும் மாத்திரையையும் மாற்றுச் சட்டையையும் எப்படிப் பகிர்ந்துகொள்வது? லாக்கர் ஆட்களின் எண்ணிக்கைக்கு இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து வருபவர்களுக்கு வாசலிலேயே குடைத் தாங்கியும் ஹெல்மெட் அடுக்கும் வேண்டும். இவற்றைக் கொடுத்த பிறகு, மாலை ஏழு மணிக்கு மேல் மேசையில் இருப்பதைத் தேதியும் மேசை எண்ணும் எழுதிய பையில் போட்டு இரண்டு வாரம் நிர்வாகப் பிரிவில் வைத்திருப்போம் என்று சொல்லலாம். கொடுக்காமல் சொன்னால் அது அடாவடி.

ஒரு மேசையை மட்டும் இந்தச் சுழற்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட எங்கள் ஊழியர் ஒருவர் தினமும் காலையில் நாற்காலியைச் சரிசெய்யவே இருபது நிமிடம் செலவிடுகிறார். அவருக்கு நிரந்தர மேசை தர ஒரு கடிதம் போதும். அதற்கு மூன்று மாதமாக ஒப்புதல் வரவில்லை.

வரும் திங்கள் கூட்டத்தில் நான்கு செவ்வாய்க்கிழமைகளின் செயலிப் பட்டியல், நுழைவு அட்டைப் பட்டியல் இரண்டையும் அச்செடுத்து வைக்கப்போகிறேன். கூடவே 24 லாக்கருக்கான விலைப்புள்ளியும் அந்தக் கடிதமும்.