பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் சரியா?

"பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டதா? சாவித் துவாரத்தில் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள், ஆயுசுக்கும் பிரச்சினை வராது."

பாதி உண்மை. அன்றைக்குச் சாவி திரும்பலாம். ஆனால் சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசுக்காகும், தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன பின்கள் அதில் ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கால் அவற்றைத் தள்ள முடியாது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறையவும் செய்யும். மார்கழி அதிகாலையில் பூட்டு அடம்பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

முதலில் துருவை இளக்க வேண்டும். துரு இளக்கும் ஸ்பிரேயைத் துவாரத்திலும், வளையம் உள்ளே போகும் இரண்டு குழிகளிலும் அடித்து, கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் சாவியைத் திருப்பாமல் பலமுறை செருகி எடுங்கள். பழுப்புச் சேறு ஒட்டி வரும். துடைத்துவிட்டு, சாவி சுத்தமாக வரும்வரை தொடருங்கள். பிறகுதான் மெதுவாகத் திருப்ப வேண்டும். கொறடு போட்டுத் திருகினால் சாவி உள்ளேயே முறியும், அதோடு கதை முடிந்தது.

ஸ்பிரே உலர்ந்த பிறகு துவாரத்துக்குள் கொஞ்சம் கிராஃபைட் தூள் ஊதுங்கள். ஈரத்தில் போட்டால் அது களியாகிவிடும். வளையத்துக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும்.

தாழ்ப்பாள் வேறு விஷயம். உப்புத்தாளால் துருவைத் தேய்த்துவிட்டு லேசாக கிரீஸ் தடவலாம். அப்படியும் இறுக்கமாக இருந்தால், கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உடனே ஓடினால் துருவில் குறையில்லை, கதவு இறங்கியிருக்கிறது; கீல் திருகுகளை முடுக்குங்கள்.