ஒரு பேரை ஒரே மாதிரி எழுத முடியாதா?

இன்னிக்கு மறுபடியும் சரக்கு திரும்பி வந்துடுச்சு. மீன் மசாலா. பாக்கெட் ஒண்ணுகூட ஓட்டை இல்ல, தேதி சரி, எடை சரி, விலை சரி. ஆனா இறக்க விடல. எங்க மசாலாவுக்குத் தமிழ்ல பேரு செங்கதிர், அவ்வளவுதான். இங்கிலீஷ்ல அதுக்கு நாலு பேரு ஓடிட்டிருக்கு.

டர்பன்ல சூப்பர்மார்க்கெட்டுக்குச் சரக்கு போடறவங்களுக்கு அந்தக் கிடங்கு வாசல் எப்படின்னு நான் சொல்ல வேண்டாம். நேரம் முன்னாடியே வாங்கி வச்சிருக்கணும், தவறினா இன்னொரு நாள்தான். எங்க முறை வந்துச்சு. வாங்கிப் பதிவு பண்ற தம்பி ஒரு பெட்டியைப் பிரிச்சு, ஒரு பாக்கெட்டை எடுத்து ஸ்கேன் பண்ணினான். திரையில `SENKATHIR FISH MASALA 500G`. பெட்டி மேல பெரிய எழுத்துல `Senggathir`. கையில இருந்த பில்லுல `Sengadhir`. மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தான்.

"சிஸி, இது மூணு கம்பெனி சரக்கா?" இங்க அக்கான்னா சிஸி, தம்பின்னா பூட்டி.

"இல்ல பூட்டி, ஒரே கம்பெனிதான்."

"அப்போ மூணு பேரு ஏன்?"

ஒரே பேருதான், எழுதறது மட்டும் மாறியிருக்குன்னு சொன்னேன். அவன் விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா காட்டினான். இங்க k. இங்க ரெண்டு g. இங்க ஒரு g, அப்புறம் dh. நான் பார்கோடு எண்ணைக் காட்டினேன். 600-ல ஆரம்பிக்கற அதே எண் ஆர்டர்லயும் இருக்கு, பாக்கெட்லயும் இருக்கு. அவன் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான். அவர் வந்து மூணையும் சத்தமா படிச்சார், மூணும் மூணு விதமா வந்துச்சு. கொள்முதல் ஆபீசுக்குப் போன் போட்டாங்க. அந்தப் பக்கம் இருந்த அம்மா, "பிராண்டு பேரு மாறியிருந்தா அது புதுப் பொருள், புதுசா படிவம் கொடுக்கணும்"னு சொல்லி வச்சுட்டாங்க. நான் திரும்ப ஆரம்பத்துல இருந்து சொன்னேன். அந்தத் தம்பி பொறுமையா சொன்னான்: "ஆர்டர்ல, பில்லுல, பெட்டியில, மூணுலயும் ஒரே பேரு இருந்தாத்தான் நான் சரக்கு வாங்கினதுக்கு ஜி.ஆர்.வி. சீட்டு அடிப்பேன். வேற யாரோட சரக்கோ இதுன்னு நாளைக்குத் தெரிஞ்சா என் வேலைதான் போகும்." பின்னாடி நின்ன லாரி ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுது. ஜி.ஆர்.வி. இல்லாம பணம் வராது. வண்டியைத் திருப்பினோம்.

அவன் மேல எனக்குக் கோபமே இல்ல. என் கோபமெல்லாம் மாமா போன்ல சொன்ன ஒரு வரி மேலதான். "எப்படி எழுதினா என்னம்மா, செங்கதிர்னுதானே படிப்பாங்க?"

யார் படிப்பாங்க மாமா? இந்தப் பேரைத் தமிழ்ல ஏற்கெனவே தெரிஞ்சவங்க மட்டும்தான் எப்படி எழுதினாலும் சரியா படிப்பாங்க. சாட்ஸ்வொர்த்துல நம்ம மசாலா வாங்கற பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. கிடங்குல வாங்கறவன் ஜூலு பேசறவன். கடை கம்ப்யூட்டருக்கு எந்த மொழியும் தெரியாது. அதுக்கு k வேற, g வேற.

நாலு எழுத்து முறையும் எப்படி வந்துச்சுன்னு கேட்டா வயிறு எரியுது. பாக்கெட் லேபிளுக்குப் பேரை மாமா போன்ல சொன்னார், அச்சகத்துல காதுல விழுந்தபடி `Senkathir`னு போட்டாங்க. பார்கோடு பதிவும் அதைப் பார்த்தே போச்சு. பில் மென்பொருள்ல பொருள் பட்டியல் ஏத்தினவர் சென்னைக்காரர். கதிருக்கு dh போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். இணையக் கடையில மாமா பையன் `Sengathir`னு ஏத்தினான். கடைசியா, பெட்டி அடிக்கற நேரத்துல, எண் கணித ஜோசியர் வந்தார்.

`Sengathir` கூட்டினா 29 வருதாம். S-க்கு 3, E-க்கு 5, N-க்கு 5, G-க்கு 3, A-க்கு 1, T-க்கு 4, H-க்கு 5, I-க்கு 1, R-க்கு 2. 29 தொழிலுக்கு ஆகாதாம். இன்னொரு G சேர்த்தா 32, அதைக் கூட்டினா 5, புதன், வியாபாரத்துக்கு உச்சம். சரி, நம்பிக்கை இருக்கறவங்க பார்க்கட்டும், அதைக் குத்தம் சொல்ல நான் வரல. ஆனா பார்கோடு வாங்கறதுக்கு முன்னாடி பாருங்க! லேபிள் அடிச்சு, கடைக்குப் போய், ஜனங்க தேட ஆரம்பிச்சப்புறம் பெட்டியில மட்டும் ஒரு g-யை நுழைச்சா எந்தப் புதன் வந்து ஜி.ஆர்.வி. அடிச்சுக் கொடுப்பான்?

1860-ல 'ட்ரூரோ' கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து டர்பனுக்கு வந்து இறங்கின ஜனங்க பேரையெல்லாம் வேற ஆளுங்கதான் பதிவேட்டுல எழுதினாங்க. பிள்ளை Pillay ஆச்சு, முதலி Moodley ஆச்சு, நாயுடு Naidoo ஆச்சு. அந்த எழுத்து முறை சரியா தப்பான்னு நான் பேசல. இன்னிக்கு டர்பன்ல ஒரு மூட்லி வீட்டு மின்சார பில் Moodley-னுதான் வரும், பேங்குலயும் அதேதான், கல்லறையிலயும் அதேதான். நம்ம பேரை நாமே எழுதற இந்தக் காலத்துல ஒரு மசாலா பேரை நிலையா வச்சுக்க முடியல.

எந்த எழுத்துன்னு முடிவு பண்றது அப்படி ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ஆனா இந்த ஊரு நாக்கை வச்சு முடிவு பண்ணணும். முதல் எழுத்து: 'செ'வுக்கு Ch போடலாம்னு மாமா ஒரு தடவை சொன்னார். ஜூலுவுல c-ன்னா பல்லுல நாக்கை ஒட்டி இழுக்கற சொடுக்கு ஒலி. Ch-ன்னா அதே சொடுக்கு மூச்சோட வரும். `Chengathir`னு எழுதினா ஜூலு படிச்சவங்க வாயில நம்ம பேரு சொடுக்குலதான் ஆரம்பிக்கும். அதனால S. அடுத்து 'ங்க': nk போட்டா 'க்'னு அழுத்தி வல்லினமா படிக்கறாங்க, ng போட்டா நாம சொல்றதுக்குக் கிட்ட வருது. அப்புறம் 'தி': ஜூலுவுல th-ன்னா மூச்சு விட்டுச் சொல்ற 'ட', தண்டின்னு நாம படிக்கற Thandi-யை அவங்க 'டாண்டி'னுதான் சொல்வாங்க. dh போட்டா அது 'ட'வும் இல்லாம நம்ம 'த'வும் இல்லாம குழப்பும். எதைப் போட்டாலும் எல்லார் வாயிலயும் சரியா வராதுன்னா, இங்க இருக்கற தமிழ்க் குடும்பங்க Thambi-னு எழுதிப் பழகின th-ஐயே வச்சுக்கணும். `Sengathir`. ஒரே சொல், நடுவுல இடைவெளி இல்ல, முதல் எழுத்து மட்டும் பெரிசு. எங்க பேருல 'ழ' இல்லாதது பெரிய புண்ணியம். அது இருந்தா zh-ஆ, l-ஆ, z-ஆன்னு இன்னொரு சண்டை.

மாமா அடுத்ததா ஒண்ணு சொன்னார், அதுதான் என்னை இந்த ராத்திரி நேரத்துல எழுத வச்சிருக்கு. "நாலு விதமா இருந்தா நல்லதுதானே, வேற எவனும் நம்ம பேரை எடுக்க முடியாது." நேர்மாறு! வணிகச் சின்னம் ஒரு எழுத்துல பதிவாகுது. மசாலா 30-ஆம் வகுப்பு, பதிவு பத்து வருஷம், அப்புறம் புதுப்பிக்கணும். இன்னொருத்தன் ஒரு எழுத்தை மாத்திக்கிட்டு வந்தா, பார்க்க எப்படி இருக்கு, கேட்க எப்படி இருக்கு, ஜனங்க குழம்புவாங்களான்னுதான் பார்ப்பாங்க. நாலையும் நாமே ஓட்டறது அதுக்குத் தேவையே இல்ல. ஆனா பதிவு பண்ணின பேரைத் தொடர்ச்சியா அஞ்சு வருஷம் பயன்படுத்தாம விட்டா, அதைப் பதிவேட்டுல இருந்து நீக்கச் சொல்லி அதுல அக்கறை இருக்கற எவனும் கேட்கலாம். பெட்டியில ஒண்ணு, பில்லுல ஒண்ணுன்னு வச்சிருந்தா, "இது அதே பேருதான்"னு ஒவ்வொரு காகிதத்தையும் காட்டி நாமதான் வாதாடணும்.

பார்கோடு கதை இன்னும் மோசம். பாக்கெட் மேல இருக்கற முதன்மைப் பிராண்டு பேரு மாறினா புது எண் கொடுக்கணும்கறது பார்கோடு நிர்வாகத்தோட விதி. அதைத்தான் அந்தக் கொள்முதல் அம்மா சொன்னாங்க. புது எண்ணுன்னா கடைக்கு அது புதுப் பொருள். பழைய விற்பனைக் கணக்கு அதோட ஒட்டாது. இணையக் கடையிலயும் இதே கூத்துதான். ரெண்டு எழுத்து முறையில ரெண்டு பக்கம். தலைப்புல ஒரு பேரு, 'பிராண்டு' கட்டத்துல இன்னொரு பேரு. நட்சத்திரம் போட்ட நல்ல விமர்சனமெல்லாம் ஒரு பக்கத்துல கிடக்கு, இருப்பு இன்னொரு பக்கத்துல கிடக்கு. `Senkathir`னு தேடறவங்களுக்கு நாம கிடைக்கணும்னா அதை உள்ளே தேடுசொல் கட்டத்துல போடுங்க, யார் வேண்டாம்னா? தலைப்புலயும் பிராண்டு கட்டத்துலயும் ஒண்ணுதான் இருக்கணும்.

வரி பில் விஷயத்துல மாமாவுக்கு வீண் பயம். பில்லுல மாத்தினா வரித்துறை பிடிக்கும்கறார். வாட் எண் கம்பெனி பேருக்குத்தான் ஒட்டியிருக்கு. மேல இருக்கற கம்பெனி பேரு, முகவரி, வாட் எண் மூணையும் பதிவுல இருக்கறபடியே விட்டுடணும், தொடவே கூடாது. நான் மாத்தச் சொல்றது கீழே பொருள் விவர வரியை மட்டும். `Sengathir Fish Masala 500g`: பிராண்டு, பொருள், எடை, அதே வரிசை, அதே இடைவெளி. அந்த வரியை ஒரு தாள்ல எழுதி மேசை மேல ஒட்டியாச்சு. முதல்ல கொள்முதல் ஆபீசுக்கு எழுத்துத் திருத்தம்னு கடிதம். பொருள் அதே, தயாரிப்பாளர் அதே, அதே எண்ணை வச்சுக்கலாமான்னு அவங்ககிட்ட எழுத்துல பதில் வாங்கணும். பதில் வந்தப்புறம் பார்கோடு பதிவு, பில் மென்பொருள், இணையப் பக்கம் எல்லாத்தையும் சேர்த்து மாத்தணும். லேபிள் கடைசி, ஏன்னா பழைய சுருள் இன்னும் இருக்கு. அது தீர்ற வரைக்கும் பெட்டி மேல ஒட்டற காகிதத்துல அந்தக் கடையோட திரையில என்ன வருதோ அதையே அடிக்கணும், இல்லேன்னா வண்டி திரும்ப வரும். அச்சகத்துக்குப் பேரைப் போன்ல சொல்றது இனிமே கிடையாது. நகலெடுத்து ஒட்டற மாதிரி அனுப்பணும், வரைவை எழுத்தெழுத்தா பார்த்துக் கையெழுத்துப் போட்டப்புறம்தான் அச்சு.

இவ்வளவும் பேசி மாமா ஒருவழியா "சரிம்மா"ன்னார். புது லேபிள் வரைவு சாயங்காலமே வந்துச்சு. இங்கிலீஷ் எழுத்து அப்படியே நான் அனுப்பினபடி, ஒரு குறையும் இல்ல. தமிழ்ல பார்த்தா 'ச'வுக்கு அந்தப் பக்கம் கொம்பு தனியா நிக்குது, 'ங்'குக்கும் 'ர்'ருக்கும் புள்ளி காணோம். தெற்காசிய எழுத்துக்குன்னு லேபிள் வடிவமைக்கற மென்பொருள்ல ஒரு அமைப்பு இருக்கு, அதைப் போடாம அச்சடிச்சா இப்படித்தான் உடையும்னு போன வருஷமே அந்த அச்சகத்துல சொல்லியிருக்கேன். ஊருல பாதிக் கல்யாணப் பத்திரிகை இப்படித்தான் வருது, கோயில் திருவிழா பேனர் இப்படித்தான் வருது. தமிழ் எழுத்துக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லி இன்னும் எத்தனை பேர்கிட்ட கெஞ்சணும்?