உயரம் ரத்தத்தில் மட்டும் இல்லை

"நம்ம ராமநாதபுரம் கடற்கரை ஆளுங்க குட்டையா இருக்கிறது பரம்பரை. நார்வேக்காரன் மாதிரி நம்ம பிள்ளைக்கு என்ன கொடுத்தாலும் வளராது." (மண்டபம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது)

தவறு. 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் டெல்லி, நார்வே, கானா, ஓமன், பிரேசில், அமெரிக்கா ஆகிய 6 இடங்களில் குழந்தைகளை அளந்தது. தாய்ப்பால், நல்ல உணவு, மருத்துவ வசதி கிடைத்த குடும்பங்களை மட்டும் எடுத்தார்கள். 5 வயதுவரை வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உயர வேறுபாட்டில் சுமார் 3% தான் ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசம். பெரும்பகுதி ஒரே ஊரின் பிள்ளைகளுக்கு இடையிலானது.

பரம்பரை பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே மாதிரி சாப்பிட்டு வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவன் நெட்டையாவது பெரும்பாலும் பெற்றோர் வழிதான். சில மக்களிடம் உயரத்தைக் குறைக்கும் மரபணுவும் உண்டு. பெரு நாட்டில் அப்படி ஒன்று, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலே சுமார் 2 சென்டிமீட்டர் குறைக்கிறது. ஆனால் தென்கொரியப் பெண்களின் சராசரி ஒரு நூற்றாண்டில் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியது. அத்தனை சீக்கிரம் மரபணு மாறாது.

அங்கன்வாடி அட்டையைப் பாருங்கள். 2 வயது ஆண் குழந்தையின் நடு அளவு, நிற்கவைத்து அளந்தால், சுமார் 87 சென்டிமீட்டர். 81-க்குக் கீழே இருந்தால் "நம்ம வாகு" என்று விட்டுவிடாதீர்கள். அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கு, 6 மாதத்துக்குப் பிறகு வெறும் கஞ்சி, கர்ப்பத்தில் தாய்க்கு இருந்த ரத்தசோகை, இவற்றைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பிடித்த மீனை எல்லாம் ஏலத்துக்கு அனுப்பாமல், கொஞ்சம் முள்ளெடுத்து மசித்துப் பிள்ளைக்கும் ஊட்டுங்கள்.